வெட்டாத நெல், விற்காத மாடு

கேள்வி: அப்பா வன்னியில் கமம் செய்கிறார், நான் வெள்ளவத்தையில் தங்கி கணக்கியல் படிக்கிறேன். வெட்டாத நெல்லையும் விற்காத மாட்டையும் சொத்தாகக் காட்டி இலாபமும் எழுதச் சொல்கிறது பாடம். நெல் வீடு வந்து சேராமல் அப்பா ஒரு சதமும் கணக்குப் பார்க்க மாட்டார். இது எப்படிச் சரியாகும்?

எனக்கும் இதே இடத்தில்தான் கால் தடுக்கியது. நானும் கமக்காரரின் மகள்தான். 2013 இல் கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். எங்களிடம் வந்த ஒரு பண்ணைக் கம்பனியின் கணக்கு டிசம்பர் 31 இல் முடிகிறது. ஐந்தொகையைப் புரட்டினால் உயிரியல் சொத்துகள் என்று ஒரு வரி, அதற்குள் நிற்கும் நெல்லும் பட்டி மாடும். நேராக என் மேலதிகாரி அக்காவிடம் போய், "வெள்ளம் வந்தால் நாளைக்கே இல்லாமல் போகிற பயிரை எப்படி அக்கா சொத்து என்கிறார்கள்?" என்று கேட்டேன். அவர் கணக்கீட்டு நியமத்தை எடுத்துக் காட்டவில்லை. "உன் அப்பாவின் கொப்பியை வைத்து அவருடைய டிசம்பர் கணக்கைப் போட்டுக் காட்டு" என்றார். அந்த வேலைதான் எனக்கு இதை விளங்கப்படுத்தியது, அதனால் உங்களுக்கும் அதே வழியில் சொல்கிறேன். எண்களை மட்டும் கணக்குக்கு வசதியாக இன்றைய விலைக்குப் பக்கமாக மாற்றி, முழு எண்களாக்கியிருக்கிறேன்.

காலபோகம். பத்து ஏக்கர், ஒக்டோபர் நடுப்பகுதியில் விதைத்த மூன்றரை மாத நெல். டிசம்பர் 31 இல் பயிருக்கு எழுபது நாள் தாண்டி, கதிர் இன்னும் வெளியே வராத குடலைப் பருவத்தில் நிற்கிறது. உழவு, விதைநெல், பசளை, களைக்கு மருந்து, கூலி எல்லாம் சேர்த்து அதுவரை 7 இலட்சம் ரூபாய் போயிருக்கிறது. அறுவடை மாசிப் பக்கம், அதுவரை இன்னும் 3 இலட்சம் செலவாகும். விளைச்சல் 18,000 கிலோ, கிலோ 100 ரூபாய், ஆக 18 இலட்சம் கைக்கு வருகிறது. மொத்தச் செலவு 10 இலட்சம், மொத்த இலாபம் 8 இலட்சம். இதில் யாருக்கும் சண்டையில்லை. சண்டை, அந்த 8 இலட்சம் எந்த ஆண்டுக்கு உரியது என்பதில்தான்.

அப்பாவின் கொப்பிப்படி முதல் ஆண்டில் 7 இலட்சம் செலவு, வரவு ஒன்றுமில்லை, ஆகவே 7 இலட்சம் நட்டம். அடுத்த ஆண்டில் 15 இலட்சம் இலாபம். அந்தக் கொப்பியை ஒரு வங்கிக்காரர் ஜனவரி முதலாம் திகதி பார்த்தால் இந்த மனுசன் மூழ்கிவிட்டார் என்று நினைப்பார். வரம்பில் நின்று பார்க்கிறவனுக்கோ பச்சைப் பசேல் என்று பத்து ஏக்கர் தெரியும். கொப்பியில் ஓர் எழுத்தும் பொய்யில்லை, ஆனால் வயலில் இருப்பது அதில் இல்லை.

நான் கெட்டிக்காரி மாதிரி நடுவழி ஒன்று சொன்னேன். "சரி அக்கா, செலவழித்த 7 இலட்சத்தையே சொத்தாக எழுதுவோம், இலாபத்தை விற்கும்போது பார்ப்போம்." கடைச் சரக்கை நாம் அப்படித்தானே கிரயத்தில் வைக்கிறோம். அதற்கு அக்கா சொன்ன மறுமொழி இன்றைக்கும் நினைவிருக்கிறது. "புறக்கோட்டைக் கடையில் அடுக்கிய சீனி மூட்டை இரவில் வளராது தங்கச்சி."

விசயம் முழுக்க அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. கடைக்காரரின் சரக்கு வாங்கிய அன்று எப்படியோ விற்கும் அன்றும் அப்படியே இருக்கும். அவர் சம்பாதிப்பது விற்கிற செயலால், அதனால் இலாபத்தை விற்கும் நாளில் எழுதுவது அவருக்குப் பொருந்தும். கமத்தில் சம்பாத்தியம் நடப்பது வளர்ச்சியில். விதை பயிராகிறது, கன்று நாகாகிறது, நாகு கன்று ஈனுகிறது, பசு பால் தருகிறது. பிறகு கிழமாகித் தேய்ந்தும் போகிறது. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 41, அதாவது LKAS 41, இந்த நான்கையும் சேர்த்து உயிரியல் மாற்றம் என்கிறது: வளர்ச்சி, தேய்வு, விளைச்சல், இனப்பெருக்கம். நெல்லை ஆலைக்காரருக்கு விற்பது ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளில் முழு இலாபத்தையும் கொட்டினால், வளர்ந்த நூறு நாளுக்கும் கணக்கில் இடமே இல்லாமல் போகிறது. அதனால்தான் நியமம் செலவைப் பார்க்காமல், இன்று இந்த நிலையில் இது என்ன பெறும் என்று கேட்கிறது. அதற்குப் பெயர் நியாயப் பெறுமதி, அதிலிருந்து விற்பனைச் செலவைக் கழிக்க வேண்டும்.

இங்கே எனக்கு அடுத்த முட்டுக்கட்டை வந்தது, உங்களுக்கும் வரும். குடலைப் பருவத்து நெல்லுக்குச் சந்தையே இல்லையே, விலையை எங்கே போய்க் கேட்பது? பொழுதுபட அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, பாதி வளர்ந்த பயிருக்கு விலை உண்டா என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"ஏன் இல்லை பிள்ளை? முன்னம் பக்கத்து வயல்காரர் ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குப் போகும்போது பயிரை நிற்கிறபடியே எனக்குத் தந்தவர்தானே."

எப்படி விலை பேசினீர்கள் என்று கேட்டேன். வரம்பைச் சுற்றி நடந்து, ஏக்கருக்கு எத்தனை மூட்டை வரும் என்று ஒரு மதிப்புப் போட்டிருக்கிறார். மதிப்பைக் கொஞ்சம் குறைத்தே போட்டாராம், தை மாத மழையை நம்ப முடியாது என்பதால். அதிலிருந்து இனிப் போட வேண்டிய பசளைக்கும், மருந்துக்கும், வெட்டு மெசினுக்கும் கழித்திருக்கிறார். கடைசியாக, தன்னுடைய காசு ஒன்றரை மாதம் அங்கே கிடக்கப் போகிறது, தன் மெனக்கேடும் இருக்கிறது என்று இன்னும் ஒரு தொகையை விட்டுவிட்டு விலை சொல்லியிருக்கிறார். மற்றவரும் தன் பக்கத்துக்குக் கணக்குப் பார்த்து, சரி என்றிருக்கிறார்.

நான் எழுதிக்கொண்டே போனேன், கை நின்றுவிட்டது. சந்தை விலை இல்லாத இடத்தில், வாங்குபவர் எதிர்பார்க்கும் தேறிய காசை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவா என்று என் பாடக் குறிப்பில் இருந்ததை, கணக்கியல் என்றால் வட்டிக் கணக்கு என்று நினைக்கும் என் அப்பா, வரம்பில் நடந்தே செய்து முடித்திருக்கிறார்.

அவருடைய முறையிலேயே எங்கள் பத்து ஏக்கரைப் போடுங்கள். வாங்குபவர் டிசம்பர் 31 இல் நின்று 18,000 கிலோவை நம்ப மாட்டார், 15,000 என்று எடுப்பார். அது 15 இலட்சம். மீதிச் செலவு 3 இலட்சம் போக 12. அறுவடை வரைக்கும் நிலத்தைப் பாவிப்பதற்கான குத்தகை, காசு கிடக்கும் காலம், அவருடைய நியாயமான ஆதாயம் மூன்றுக்குமாக 2 இலட்சம் போனால், நிற்கும் பயிரின் பெறுமதி 10 இலட்சம். தரகு ஏதும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது முதல் ஆண்டில் 7 இலட்சம் செலவு, 10 இலட்சம் சொத்து, 3 இலட்சம் இலாபம். அடுத்த ஆண்டில் 10 இலட்சத்தோடு தொடங்கி, 3 இலட்சம் செலவழித்து, 18 இலட்சத்துக்கு நெல் வருகிறது, இலாபம் 5 இலட்சம். மூன்றும் ஐந்தும் எட்டு. கூடக் குறைய ஒரு ரூபாய் இல்லை. வெட்டாத நெல்லுக்கு இலாபம் எழுதுவதால் புதிதாகக் காசு ஒன்றும் உண்டாவதில்லை, அந்த எட்டும் நடந்த ஆண்டுகளுக்குள் பிரிந்து உட்காருகிறது.

வெள்ளம் வந்தால்? ஜனவரியில் நான்கு ஏக்கர் அழுகிப் போனால் அந்த நட்டம் ஜனவரி இருக்கும் ஆண்டில் வரும், ஏனென்றால் நடந்தது அப்போதுதான். டிசம்பர் 31 இல் பயிர் நின்றது, வெள்ளம் வரக்கூடும் என்ற பயமும் அந்தக் குறைத்த 15,000 கிலோவுக்குள் ஏற்கனவே இருக்கிறது. பயிர் அழியக்கூடியது என்பதால் அதற்குப் பெறுமதி இல்லை என்று சொல்ல முடியாது, பெறுமதி குறைவு என்றுதான் சொல்ல முடியும்.

நான் முதலில் போட்ட கணக்கில் இரண்டு பிழை விட்டேன், பரீட்சைத் தாள்களிலும் கம்பனிக் கணக்குகளிலும் நான் திரும்பத் திரும்பக் காண்பவை அவைதான். ஒன்று, முற்றிய நெல்லின் விலையை அப்படியே குடலைப் பருவத்துப் பயிருக்குப் போட்டு, இனிச் செய்ய வேண்டிய செலவைக் கழிக்க மறந்தேன். மற்றது, நிலத்துக்கு ஒன்றும் கழிக்கவில்லை. நிலம் தன் பெயரில் ஐந்தொகையில் தனியாக இருக்கிறது, அது நியமம் 41 க்குள் வருவதில்லை. நிலத்தின் உழைப்பையும் பயிரின் பெறுமதிக்குள் விட்டுவிட்டால் ஒரே பொருளை இரண்டு இடத்தில் எண்ணியதாகிவிடும். சொந்த நிலமானாலும் குத்தகைக்கு எடுத்ததுபோல ஒரு தொகையைக் கழிப்பது அதனால்தான்.

விதைத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தால் இவ்வளவு பாடு தேவையில்லை. வளர்ச்சி இன்னும் பெரிதாக நடக்கவில்லை என்றால் செலவழித்த தொகையே பெறுமதிக்குக் கிட்டத்தான் இருக்கும், நியமமும் அதை ஏற்றுக்கொள்கிறது. மறுபக்கத்தில், நெல் வெட்டி முடிந்ததும் நியமம் 41 இன் கதையும் முடிந்துவிடும். வெட்டிய நேரத்துப் பெறுமதி அதன் கிரயமாகி, நெல் சாதாரண இருப்பாகக் களஞ்சியத்துக்குள் போகிறது. அதன் பிறகு விலை ஏறினால், பொதுவாக விற்கும்வரை அந்த ஏற்றத்துக்கு இலாபம் எழுத முடியாது. மூட்டைக்குள் இருக்கும் நெல் இனிப் புறக்கோட்டைச் சீனி மாதிரித்தான்.

இனி மாடு. மாட்டில் எனக்குப் பிடித்தது, விலை ஏறியதையும் மாடு வளர்ந்ததையும் பிரித்துப் பார்க்கலாம் என்பது. நியமம் இதைக் கட்டாயமாக்கவில்லை, பிரித்துக் காட்டினால் நல்லது என்கிறது. லொறிக்கூலியும் தரகும் கழித்து, ஜனவரியில் இரண்டு வயது நாகு ஒன்றுக்கு 1,50,000. டிசம்பரில் அதே வயது நாகுக்கு அதே மாதிரிக் கழித்து 1,70,000. ஆனால் எங்கள் நாகுக்கு இப்போது மூன்று வயது, சினையாகவும் இருக்கிறது. சந்தையில் அது 2,60,000 போகும், லொறிக்கு 6,000, தரகருக்கு 4,000. லொறிக்கூலியைக் கழித்தால் 2,54,000, அது நியாயப் பெறுமதி. தரகைக் கழித்தால் 2,50,000, அதுதான் கணக்கில் நிற்கும் எண். லொறிக்கூலி மாடு நிற்கும் இடத்தால் வருவது, ஆகவே நியாயப் பெறுமதியைக் கண்டுபிடிக்கும்போதே கழிகிறது. தரகு விற்பதனால் வருவது. இறுதி எண் ஒன்றாக இருந்தாலும் பெயர் மாறினால் பரீட்சையில் புள்ளி போய்விடும். சரி, மொத்த ஏற்றம் ஒரு இலட்சம். அதில் 20,000 சந்தை தந்தது, 80,000 மாடு வளர்ந்து தந்தது. அந்த 80,000 தான் வளர்த்தவரின் கைராசி, அவர் கொட்டிய தீவனச் செலவை அதற்கு எதிரே வைத்துப் பார்க்கலாம்.

கன்று பிறந்தால் யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை, கிரயம் சுழியம். கிரயக் கணக்கில் அந்தக் கன்று இல்லவே இல்லை. நியமம் 41 இல் அது பிறந்த அன்றே அதன் பெறுமதிக்கு வரவாகிறது. இங்கேதான் என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கமக்காரரின் மகளாக இருந்தது அலுவலக வேலைக்குக் கைகொடுத்தது. அந்தக் கம்பனியின் மாட்டுப் பதிவேட்டில் அந்த ஆண்டு நான்கு கன்று பிறந்ததாக இருந்தது. பால் கொப்பியைப் பார்த்தால், ஆண்டுக்குள் புதிதாகக் கறவைக்கு வந்த பசுக்கள் ஆறு. கன்று ஈனாமல் பசு கறவைக்கு வராது, அது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மற்ற இரண்டு கன்றும் எங்கே? கேட்டுப் போனதில், ஒன்று பிறந்த கிழமையே செத்துவிட்டது, மற்றது நாம்பன், பதிவில்லாமல் விற்கப்பட்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் அன்று மாலை அவரே கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தார். பட்டியை எண்ணப் போனால் காதில் உள்ள இலக்கத்தையும் சுட்ட குறியையும் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், பால் கொப்பியையும் கையில் எடுங்கள். பட்டியில் நிற்பதெல்லாம் பண்ணைக்குச் சொந்தமும் அல்ல. வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்கும் அயலவர் மாடும் சேர்ந்து நிற்கும், அதை யார் ஆள்கிறார்கள் என்று கேட்டே எழுத வேண்டும்.

பாடத்தில் ஒரு மாற்றம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பழைய குறிப்புகளில் இருக்காது. 2016 ஜனவரி தொடக்கம் தேயிலைச் செடி, இறப்பர், தென்னை போல ஆண்டாண்டாகப் பலன் தந்து, பலனுக்காக மட்டும் வைத்திருக்கும் தாவரங்கள் நியமம் 16 க்குப் போய்விட்டன, கட்டடமும் இயந்திரமும் போலப் பெறுமானத் தேய்வு போட வேண்டும். ஆனால் செடியில் நிற்கும் கொழுந்தும் மரத்தில் தொங்கும் தேங்காயும் இன்னும் 41 க்குள்தான். நெல் ஒரே தடவையோடு முடிவதால் அதற்கு இந்த விலக்கு இல்லை. பசுவும் ஆண்டாண்டாகப் பால் தருகிறதே என்றால், விலக்கு தாவரத்துக்கு மட்டும்தான், பசு 41 இலேயே நிற்கிறது. எனக்கு இது முழு நியாயமாகப் படவில்லை. தேயிலைச் செடியை யாரும் பிடுங்கி விற்பதில்லை, பசுவுக்கு ஒவ்வொரு வயதிலும் சந்தையில் விலை இருக்கிறது என்பதை வைத்துத்தான் அதை ஏற்றுக்கொள்கிறேன்.

உங்கள் சந்தேகத்தில் ஒரு பகுதி சரியானதும்கூட. பயிருக்கு முதல் ஆண்டில் எழுதிய அந்த 3 இலட்சம் இலாபம் கையில் இல்லை, அதை நம்பிப் பங்குலாபம் கொடுத்தால் மாசிக்கு முன்பே காசு முடிந்துவிடும். அதனால் நியாயப் பெறுமதி மாற்றம் இலாபத்தில் எவ்வளவு என்பதைத் தனி வரியாகத் தேடிப் பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவைப் போல ஒருவர் தன் கொப்பிக்கு LKAS பின்பற்றத் தேவையில்லை. சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான நியமத்திலும், அநாவசியச் செலவும் சிரமமும் இல்லாமல் பெறுமதி தெரியும் என்றால்தான் நியாயப் பெறுமதி, இல்லாவிட்டால் கிரயம் போதும்.

கணக்கை முடித்து ஒரு சனிக்கிழமை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நெல்லுக்கு 10 இலட்சம் என்றதும், "அவ்வளவுக்குத் தருவேன்" என்றார். நாகுக்குத் தலையாட்டியிருப்பார், சத்தம் வரவில்லை. பிறகு வந்தது எங்கள் கிழட்டு வெள்ளைப் பசு. ஜனவரியில் 2,20,000, டிசம்பரில் 1,60,000, ஆக 60,000 நட்டம் என்று எழுதியிருந்தேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"விற்கப் போவதில்லையே பிள்ளை, பிறகேன் நட்டம்?"

"விற்கச் சொல்லவில்லை அப்பா. அது கிழமாகிவிட்டது, அதைத்தான் எழுதியிருக்கிறேன்."

"ஓம், கிழம்தான். போன மாரியோடு பாலும் குறைந்துபோச்சு. அப்படியே எழுது" என்றார்.